குருமாவில் என்ன அரைத்தீர்கள்?

இரவு ஏழு இருபதுக்குத் தொடங்கியது. மந்தாரக்குப்பம் பரோட்டாக் கடையின் சுவரில், கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தேன். இன்றைக்கும் வீட்டுக் கடிகாரம் ஏழேகாலைத் தாண்டினால் என் கை எதையாவது பிடித்துக்கொள்கிறது.

என் மகளுக்கு முந்திரி ஆகாது. மூன்று வயதில் பாயசத்தில் தெரியவந்தது. முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு முந்திரி ஆகாது என்றால் சிரிப்பார்கள். கல்யாணத்துக்குப் போனால் பொங்கலில் முந்திரி, விருந்தாளி வந்தால் கையில் முந்திரிப் பொட்டலம். அதனால் அவளுக்கு வெளியில் சாப்பாடு வேண்டுமென்றால் நான்தான் சமையற்கட்டு வரை போய்க் கேட்பேன். பள்ளி முடிகிற வரை அவள் ஒரு கடையிலும் தன் வாயால் எதையும் கேட்டு வாங்கியதில்லை.

இப்போது வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதி. போக வேண்டுமென்றால் தானே கேட்டுச் சாப்பிடப் பழக வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸ் சமையலறையில் பல நாள் ஒத்திகை நடந்தது. நான் சர்வர், அவள் வாடிக்கையாளர்.

"என்னம்மா வேணும்?" என்பேன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு.

"முதல்ல இதைச் சொல்லுங்க. குருமாவுல முந்திரி போட்டிருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்ல, தைரியமா சாப்பிடு."

"என்ன அரைச்சு ஊத்தியிருக்கீங்க? கேட்டுட்டு வந்து சொல்லுங்க. முந்திரி சாப்பிட்டா எனக்கு மூச்சு அடைச்சுக்கும்."

இரண்டாவது கேள்வி அவளாகவே கண்டுபிடித்தது. "சாப்பாட்டுல பாதி அரைச்சதுதானம்மா. அரைச்சதைக் கண்ணால பாத்தா தெரியாது" என்றாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அன்றுதான் முதல் நிஜக் கடை. நான் எதிரில் உட்காருவேன், வாயே திறக்கக் கூடாது என்பது அவள் நிபந்தனை. அவள் அப்பா சுரங்கத்தில் இரண்டாவது ஷிப்டில் இருந்தார்.

சர்வர் ஒடிசாக்காரர். இருபத்தைந்து வயதிருக்கும். வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும் என்பது பேச்சில் தெரிந்தது.

"என்ன வேணும், தங்கச்சி?"

"ரெண்டு பரோட்டா, வெஜ் குருமா. அண்ணா, பரோட்டாவுல என்ன இருக்கு?"

அவர் விரல்விட்டுச் சொன்னார். "மைதா. எண்ணெய். உப்பு. சக்கரை. முட்டை கொஞ்சம்."

"குருமாவுல முந்திரி போட்டிருக்கா?"

"முந்திரி..." என்று யோசித்தார். அவள் கைப்பேசியில் படம் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. "காஜூ! கேட்டு வரேன்."

"என்ன அரைச்சிருக்காங்கன்னும் கேளுங்கண்ணா. முந்திரி சாப்பிட்டா எனக்கு மூச்சு வராது." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் சிரிப்பு நின்றது. அவளையே பார்த்து, மெல்ல ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "என்ன அரைச்சிருக்கு. முந்திரி, மூச்சு வராது."

பக்கத்து மேசையில் காண்ட்ராக்ட் வேலை முடிந்து வந்த ஒருவர் சிரித்தார். "இன்னா பாப்பா, கடைய வெலைக்கு வாங்கப் போறியா? இத்தினி விசாரிக்கிற?"

"வாங்கினா உங்களுக்குத்தாண்ணா முதல் பரோட்டா" என்றாள் அவள். கூச்சமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீர் டம்ளரைத் தூக்கி அந்தப் பெருமையை மறைத்துக்கொண்டேன்.

சர்வர் தட்டோடு வந்தார். "மாஸ்டர் கேட்டேன். முந்திரி போடல."

"அரைச்சது?"

"அரைக்கிற அக்கா வேற. பின்னாடி. போய்க் கேட்டு வரேன்" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் சொன்னது பொய்யில்லை, அவர் கையால் முந்திரி போடவில்லை. அந்தக் கடையில் அரவை மதியமே முடிந்துவிடும். கொல்லைப்புறக் கொட்டகையில் ஓர் அம்மாள் வழக்கமாகத் தேங்காயும் பொட்டுக்கடலையும் சோம்பும் அரைத்துத் தூக்குவாளியில் வைத்துவிடுவார். மாலையில் மாஸ்டர் தாளித்து, அந்த விழுதைக் கரைத்துக் கொதிக்கவிடுவார். விழுதில் என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. பல கடைகளில் இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவள் பசியோடு இருந்தாள். ஒரு பதில் கிடைத்துவிட்டது. பரோட்டாவைப் பிய்த்துக் குருமாவில் தோய்த்து வாயில் வைத்தாள். இரண்டாவது வாய்க்குக் கை போகும்போது, சமையற்கட்டு வாசலிலிருந்து அந்தப் பிள்ளை ஓடிவந்தார். மேசைக்கு வருவதற்குள்ளேயே கத்தினார்: "வேணாம்! தங்கச்சி வேணாம்! அரைச்சது முந்திரி!" அவள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். குருமா என் புடவையில் சிந்தியது.

பின்னாலேயே அரவை அம்மாள், சோற்றுக் கையோடு. "சாப்டுகினு இருந்தேன், இந்தப் புள்ள வந்து கேட்டுச்சு. பண்ருட்டிலேர்ந்து ஒடஞ்ச முந்திரி மூட்டை வந்துதும்மா. குருமா கெட்டியா வருமேன்னு பொட்டுக்கடலைக்கு பதிலா அதத்தான் அரைச்சிகினு இருக்கேன். யாரும் கேக்கலியே தாயி."

மகளின் உதடு அப்போதே தடிக்கத் தொடங்கியிருந்தது. அவளே தன் பையைத் திறந்து அலர்ஜி மாத்திரையை வாயில் போட்டாள். "அம்மா, மாத்திரை மட்டும் பத்தாது. ஆஸ்பத்திரி, இப்பவே" என்றாள். குரல் கரகரத்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. கடைக்கார பாய் கல்லாவை அப்படியே விட்டுவிட்டுத் தன் காரை எடுத்தார். வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

மருத்துவமனை வாசலில் அவளுக்கு மூச்சு சீழ்க்கையடித்தது. டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்றார். "முந்திரி, குருமாவுல அரைச்சது, ஒரு வாய்" என்று அவளே சொன்னாள். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. அடங்கியது மறுபடி கிளம்பலாம், காலை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். இன்னும் நாலு வாய் உள்ளே போயிருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் தூங்கும்போது கட்டிலருகே உட்கார்ந்து முடிவு செய்தேன். விடுதியும் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். ஒரு வாய். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாய்.

விழித்ததும் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "ரெண்டாவது பதில் வர்றதுக்குள்ள சாப்பிட்டுட்டேம்மா. அது என் தப்பு. இனிமே ரெண்டும் வராம தொட மாட்டேன்" என்றாள். பிறகு, "ஆனா கேட்டதாலதானம்மா அந்த அண்ணா ஓடிவந்தாரு" என்றாள்.

அவருக்குத் தமிழே அரைகுறை. எத்தனை மேசை, எத்தனை கூச்சல். மாஸ்டர் சொன்ன பதிலோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தெரியாத ஊரில், தெரியாத பெண் கேட்ட கேள்வியைக் கீழே போடாமல் கொல்லைப்புறம் வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். என் மகளைப் பெற்றவள் நான். அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது அவள் கேள்வியும் அவர் கால்களும்.

விடிந்து, ஷிப்ட் பஸ்கள் போகிற சத்தம் கேட்கத் தொடங்கியபோது கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். அந்த சர்வர்தான். குளித்துத் தலையைப் படிய வாரியிருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே வராமல் நின்றார். பொட்டலத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரிடம், "இதுல என்னண்ணா இருக்கு?" என்றாள்.

அவர் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார்:

"இட்லி. அரிசி. உளுந்து. வெந்தயம். உப்பு. வேற இல்ல. ராத்திரி கிரைண்டர் நான் கழுவினேன். அரைச்சு முடிக்கிற வரை பக்கத்துல நின்னேன். சட்னி கொண்டு வரல, தங்கச்சி. சட்னி நான் பாக்கல."