காயீன் என்ன சொன்னான்?

ஞானமுத்து அண்ணன் காலமானார் என்று திகாம் பத்துவிலிருந்து தொலைபேசி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அஞ்சலியை நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லியிருந்தாராம். "அவன்தான் பொய் எழுத மாட்டான் லா!" போகும்போதும் என்னைச் சீண்டாமல் போகவில்லை.

புக்கிட் செலம்பாவ் சிற்றாலயத்தில் நாங்கள் மாறி மாறிப் பிரசங்கித்தோம். நான் நவீன விளக்கவுரை படித்தவன். ஒரு வசனம் யாருக்காக, எந்தச் சூழலில் எழுதப்பட்டது, பழைய பிரதிகள் என்ன சொல்கின்றன என்று பார்த்து, மிகப் பொருந்தும் பொருளைத் தேடுவேன். அவருக்கோ யூத மதகுருக்களான ரபிகளின் பழைய வேத விளக்கமான மித்ராஷ்தான் உயிர். வசனத்தில் இடைவெளி இருந்தால் அது காரணத்தோடு இருக்கிறது என்பார். எங்கோ இருக்கும் இன்னொரு வசனத்தால் அதைத் திறந்து, கதை சொல்லி நிரப்புவார். பிறகு "வேறொருவர் சொல்கிறார்" என்று எதிர்க் கருத்தையும் பக்கத்தில் வைப்பார். எது சரி என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆதாமின் மூத்த மகன் காயீன் தம்பி ஆபேலைக் கொன்ற கதையால்தான் எங்கள் சண்டை முற்றியது. எபிரேய மூலத்தில் காயீன் ஆபேலிடம் "சொன்னான்" என்று இருக்கிறது, என்ன சொன்னான் என்பது இல்லை. அடுத்து வயல், கொலை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 'வயலுக்குப் போவோம்' என்று இருப்பதால், படியெடுத்தவர் கைதவறி விட்டிருக்கலாம் என்றேன்.

"கைதவறிப் போச்சா? ரொம்ப சுலபமா முடிச்சிட்ட, தம்பி," என்றார்.

அப்போது ஆலயத்தில் சவரியும் அவர் தம்பி பிலிப்பும் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலயம் நிற்கும் நிலம் சவரியுடையது, உள்ளே இருக்கும் பெஞ்சுகள் பிலிப் வாங்கிப் போட்டவை. ஞானமுத்து அண்ணன் பிரசங்க மேடையேறினார்.

"காயீனும் ஆபேலும் உலகத்தையே பிரிச்சிக்கிட்டாங்க. ஒருத்தனுக்கு நெலம், ஒருத்தனுக்குத் தூக்கிட்டுப் போற சாமான். 'நீ நிக்கிற எடம் என்னுது, வானத்துல பற!'ன்னான் இவன். 'நீ போட்டிருக்கிறது என்னுது, கழட்டு!'ன்னான் அவன். வேறொருத்தர் சொல்றாரு, தேவாலயம் யார் பங்குல வரணும்னுதான் சண்டையாம். ஏன்னா தேவாலயம் நின்ன சீயோன் மலைய வயல் மாதிரி உழுவாங்கன்னு மீகா தீர்க்கதரிசி சொல்றாரு. வயல்னா தேவாலயம்!"

சவரி பைபிளைப் புரட்டிக்கொண்டே எழுந்தார். "எந்த அதிகாரம்? காட்டுங்க!"

காட்ட முடியுமா? வேதத்தில் இல்லாததைச் சொல்லி எங்களை அவமானப்படுத்தினார் என்று அண்ணன் தம்பி இருவருமே கத்தினார்கள். அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான். மறுவாரம் ஆலயத்துக்குப் பூட்டு விழுந்தது.

"இல்லாததைச் சொல்லி இருந்ததையும் கெடுத்தீர்களே!" என்று சாலையிலேயே சத்தம் போட்டேன்.

"இருந்தத மட்டும் நீ வருசக்கணக்கா சொன்னியே, அவனுங்க சேந்துட்டானுங்களா?" என்றார். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது.

அடக்கத்தன்று பெட்டியை ஆலய வாசலுக்குக் கொண்டு வந்தோம். சவரி வழிமறித்து நின்றார். "என் நெலத்துல வைக்காதீங்க."

சரி, சாலையோரத்திலேயே வைக்கலாம் என்று பெஞ்சு கேட்டோம். "என் பெஞ்சு வெளிய வராது," என்றார் பிலிப்.

தூக்கியவர்களின் தோளிலேயே பெட்டி இருக்க, வெயிலில் நின்று நான் ஜெபம் செய்தேன்.

போய் வாருங்கள், அண்ணே. உங்கள் முறையை நான் இன்னும் ஏற்கவில்லை. படியெடுத்தவரின் கைதான் தவறியது என்றே நாளையும் சொல்வேன். ஆனால் காயீன் என்ன சொன்னான் என்பதை, உங்கள் பெட்டியின் பக்கத்தில் நின்று என் காதாலேயே கேட்டுவிட்டேன்.