நிலவியல் துறைக்குப் போக ஒரு கடிதம்

நடந்துகொண்டே இருப்பவள் சட்டென்று குனிவாள். வழியில் கிடக்கும் கல்லை எடுத்து, துடைத்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். "களிமண் கலந்திருக்குக்கா. நாக்குல ஒட்டுது பாருங்க" என்று எனக்கும் நீட்டுவாள். விடுதியில் அவள் பெயர் 'கல்லு'. கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்புவாள்.

என் அறைத்தோழி. முதலாண்டு கணினி அறிவியல். அதைத் தேர்ந்தெடுத்தவர் அவளுடைய அப்பா, லாரி ஓட்டுகிறவர். மகளாவது நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று நினைத்தார்.

மாலையில் நிலவியல் ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே பாறைத் துண்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கை அணைக்கும்வரை நகரமாட்டாள்.

முதல் பருவத் தேர்வில் ஐந்து தாள்களில் மூன்று போயிற்று. கணக்கும் ஆங்கிலமும்தான் தேறின. பாடப்பிரிவு மாற்றம் கேட்டு டீனுக்கு எழுத உட்கார்ந்தாள். முதல் வரியே 'உடல்நலக் குறைவால்'.

"காய்ச்சலா வந்துச்சு உனக்கு?"

"இல்லக்கா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்களாம்."

கிழித்துப்போட்டு மறுபடி எழுதினாள். 'மூன்று தாள்களில் தேறவில்லை. ஆசிரியர்கள்மீது குறையில்லை. என் மனம் அதில் நிற்கவில்லை. நிலவியலில் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் துறைத்தலைவர் தெரிவித்துள்ளார். அங்கு மாற்றவும், தேறிய இரு பொதுத் தாள்களை அங்கும் ஏற்கவும் வேண்டுகிறேன்.'

மதிப்பெண் பட்டியலை இணைத்தாள். வகுப்பாசிரியர், இரண்டு துறைத்தலைவர்கள் எல்லாரும் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார்கள். பெற்றோர் சம்மதம்தான் பாக்கி. மாற்றத்துக்கான கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் அப்பாவுக்குக் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினாள். லாரி இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"கல்லப் படிச்சு என்னம்மா பண்ணுவ?"

"தெரியலப்பா. அத நெனச்சாதான் காலைல எழுந்திரிக்கவே தோணுது."

போனை வைத்துவிட்டார். ஆனால் சம்மதப் படிவம் வந்தது: கையெழுத்து மட்டும், வேறு ஒரு சொல் இல்லை.

டீன் அறை வாசலில் நான் காத்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

"அங்கயும் பெயிலானா?"

"வீட்டுக்குப் போயிடுவேன் சார். ஆனா படிச்சிட்டுத்தான் பெயிலாவேன்."

டீன் சிரித்தது கேட்டது. பிறகு கடிதத்தின் ஓரத்தில் எழுதினார்: அனுமதிக்கப்படுகிறது. பொதுத் தாள்கள் இரண்டும் ஏற்கப்படும். விட்டுப்போன நிலவியல் தாள்களை அடுத்த ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டும். இன்னொரு மாற்றம் கிடையாது.

வெளியே வந்ததும் அப்பாவை அழைத்தாள். "கெடச்சிடுச்சுப்பா" என்றாள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"'சரிம்மா, வண்டில இருக்கேன்'னாரு."

இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது, அந்த 'பீப்' சத்தம் எனக்கே கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.