கடைசி வரியிலிருந்து படிப்பவர்

என் அக்கா வீட்டுக்காரர் எதையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். கரண்ட் பில்லாக இருந்தாலும் கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் கண் முதலில் அடிக்குத்தான் போகும். உதட்டை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவார், ஏணியில் ஏறுகிறவர் மாதிரி.

அதுதான் அவருடைய பிழைப்பு. ஆன்லைனில் சாமான் விற்கும் சின்ன வியாபாரிகள் தங்கள் பொருளின் விவரத்தை எழுதிக் கொடுப்பார்கள். தலைப்பு, ஐந்து குறிப்பு, கீழே விளக்கம். அதை டைப் அடித்து, எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை பார்த்து, தளத்தில் ஏற்றுவது அவர் வேலை. முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நான். படம் எடுப்பதும் பார்சல் கட்டுவதும் என் பொறுப்பு.

"மேலேர்ந்து படிச்சா என்ன சொல்றான்னு மனசு ஓடிடும். தப்பு தப்பிச்சிடும். கடைசி வாக்கியத்த முதல்ல படிக்கணும். இதெல்லாம் படிச்சவங்களுக்குப் புரியும்" என்பார், என்னைப் பார்த்து. நான் ஏழாவதோடு நின்றவள்.

பிழையை அவர் விடமாட்டார், அது உண்மை. என்ன எழுதியிருக்கிறது என்றுதான் அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

பக்கத்துத் தெருத் தையல்காரம்மா கம்பளி நிரப்பிய போர்வைகளோடு வந்தார். மொத்தம் முப்பது. துணிக்கடைக்குக் கூலிக்குத் தைப்பதை விட்டுவிட்டு ஏழு மாதம் உட்கார்ந்து தைத்தவை. இது ஓடினால் சொந்தத் தொழில். ஓடாவிட்டால் மறுபடி அந்தக் கடை வாசல். விவரத்தைக் கோடு போட்ட தாளில் எழுதியிருந்தார்.

மாமா அந்தத் தாளைப் படித்துத் தோள் குலுங்கச் சிரித்தார். "வரிக்கு நாலு தப்பு. இத திருத்துறதுக்குப் பதிலா தற்கொல பண்ணிக்கலாம்" என்று என் பக்கம் வீசினார். பிறகு போன வருடம் ஏற்றிய ஒரு பருத்திப் போர்வையின் விவரத்தை எடுத்தார். ஏற்கெனவே திருத்தியது, சுத்தமானது. அளவையும் நிறத்தையும் மாற்றினார். ‘பருத்தி’ இருந்த இடத்தில் ‘கம்பளி’ போட்டார். கடைசி வரியிலிருந்து ஏறினார். திரையில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

நான் மேலேயிருந்து படித்தேன். நான்காவது குறிப்பு, ‘வாஷிங் மெஷினில் துவைக்கலாம்’ என்றது. தாளில் தையல்காரம்மா எழுதியிருந்தது, தண்ணீரில் போடவே கூடாது, வெயிலில் உதறினால் போதும் என்று.

"மாமா, அந்த நாலாவது..."

"எழுத்து தப்பா?"

"இல்ல, வந்து..."

"இலக்கணம் தப்பா?"

"இல்ல மாமா."

"அப்ப பார்சல கட்டு."

வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் லட்சணமும் அவ்வளவுதான். தாளை மட்டும் மடித்து டேப் டப்பாவுக்குள் வைத்தேன்.

முதல் இரண்டு வாரத்தில் ஒன்பது போனது. மூன்றாவது வாரம் ஐந்து திரும்பி வந்தது. மெஷினில் போட்டவை. பிரித்துப் பார்த்தேன், பூனை படுக்கும் அளவுக்குச் சுருங்கி, உள்ளே கம்பளி கட்டிகட்டியாகத் திரண்டிருந்தது. ‘விவரத்தோடு பொருந்தவில்லை’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். தளம் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டது. மாமா புகார்களையும் அடியிலிருந்து படித்தார். "சுருங்கிடுச்சுன்னு ஒழுங்கா எழுதத் தெரியல, இவனெல்லாம் குறை சொல்ல வந்துட்டான்."

தையல்காரம்மா வந்து நின்றார். "என்ன சார், கடை மூடின மாதிரி காட்டுது?"

"நான் போட்டதுல ஒரு எழுத்து தப்பு காட்டுங்கம்மா. இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"நான் தண்ணில போடக்கூடாதுன்னு எழுதினேனே சார். அது எங்க?"

மாமா கூரையைப் பார்த்தார். நான் டேப் டப்பாவைத் திறந்து தாளை மேஜையில் வைத்தேன். அம்மா தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"நீங்க படிக்கவே இல்லயா சார்?"

"ஒவ்வொரு வாக்கியமும் படிச்சேன்" என்றார் மாமா, ரோஷமாக. பொய் இல்லை. இத்தனை பெரிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அம்மா நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டு உட்கார்ந்தார். "நீ அடிம்மா, நான் சொல்றேன்." அவர் சொல்லச் சொல்ல மாமாவின் கம்ப்யூட்டரில் ஒரு விரலால் அடித்தேன். மேலேயிருந்து கீழே இரண்டு முறை சேர்ந்து படித்தோம். திருத்திய விவரத்தைத் தளத்துக்கு அனுப்பினோம். ஆறு நாள் கழித்துப் பக்கம் திரும்பி வந்தது.

இப்போது மிச்சமிருந்த இருபத்தொரு போர்வைகளும் விற்றுவிட்டன, ஒன்றும் திரும்பி வரவில்லை. அம்மா அடுத்த இருபதைத் தைக்கிறார். அந்தப் பக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழை இருப்பதாக மாமா தினமும் சொல்கிறார். இருக்கின்றன.