மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து

உங்களுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? எங்கள் மருத்துவமனையில் அப்படி ஊசி போடும் ஒரு நர்ஸுக்குத் 'தும்மல் அக்கா' என்றே பெயர். அடிக்கடி இரட்டை ஷிப்ட், ஐந்து மணி நேரத் தூக்கம், மாதம் தவறாமல் சளி. மஞ்சள்காமாலைத் தடுப்பூசி மூன்று தவணை போட்டும், அவர் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி போதவில்லை. தினமும் நோயாளிகளின் ஊசியைக் கையாளுகிற கை; தவறிக் குத்திக்கொண்டால் நோய் தொற்றிவிடும்.

"மருந்து கெட்டுப்போச்சா டாக்டர்?"

"அதே மருந்து மத்தவங்களுக்கு வேலை செஞ்சிருக்கேம்மா. தூக்கம் குறைஞ்சா உடம்பு எதிர்ப்புச் சக்திய சரியா உண்டாக்காது. அதுவும் காரணமா இருக்கலாம். மறுபடி போடுவோம், தூங்கிட்டு வாங்க."

"அதைச் சீட்டுல எழுதிக் குடுங்க."

அக்கா சீட்டோடு நேராக, ஷிப்ட் போடும் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போனார்.

"இந்த மருந்து கடையில இல்லையாம் மேடம். உங்ககிட்டதான் ஸ்டாக் இருக்காம்."

மேடம் சிரிக்கவில்லை; பேனாவை எடுத்து அட்டவணையில் அக்காவின் இரட்டை ஷிப்டை அடித்தார். ஷிப்ட் அட்டவணை போடுகிறவரே, நீங்களும் அடியுங்கள்.