காத்திருக்க முடியாதவை

எனக்கு வாட்ஸ்அப் குழு என்றாலே ஆகாது. கடலூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையின் குடோன் என் பொறுப்பில் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், வெளியே பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத இடம். ஆனால் பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் என்று சுற்றுவட்டாரத்து மெடிக்கல் ஷாப்புகள் பலவற்றுக்கு எங்கள் வண்டிதான் போகிறது. முன்பெல்லாம் சேல்ஸ்மேன்கள் ஆர்டரைச் சீட்டில் எழுதிக்கொண்டு மாலையில் வருவார்கள். இப்போது எல்லாம் குழுவில் விழுகிறது. ஆர்டரோடு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கமும், முதுகுவலிக்குக் கை வைத்தியமும், யாரோ வீட்டு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையும் சேர்ந்து விழுகின்றன.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் எங்கள் பில்லிங் அம்மா. வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் அவர் பில் போடாமல் ஒரு மாத்திரைப் பட்டை குடோனைத் தாண்ட முடியாது என்பதால் எல்லோருக்கும் அவர் அம்மா. சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் வீடு. தினமும் கடலூருக்குப் பஸ்ஸில் வந்து போகிறவர். கணவர் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். மகள் பிளஸ் டூ. வீட்டில் இருக்கும் நல்ல போன் ஒன்றே ஒன்று. மாலையில் மகள் அதில்தான் பாடம் பார்ப்பாள். அவள் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிதம்பரம் பக்கம் ஆர்டர் எடுக்கும் எங்கள் சேல்ஸ்மேன் தம்பி, "அக்கா, அந்த இருமல் மருந்து ஸ்டாக் இருக்கா?" என்று கேட்பான். பதில் வராவிட்டால் ஒரு கேள்விக்குறி. அப்புறம் இரண்டு கேள்விக்குறி. அப்புறம் கைகூப்பும் பொம்மை.

"ம்யூட் போட்டுட வேண்டியதுதானேம்மா" என்றேன்.

"ம்யூட் போட்டா அவசரம் தப்பிடுது. போடலன்னா பொழப்பு தப்பிடுது" என்றார். "அவரு தெனம் சண்ட போடறாரு அண்ணா. பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் நான் நின்னுக்கறேன். வேற ஆளு பாத்துக்குங்க."

ஒரே மருந்து நாலு கம்பெனியில் நாலு பெயரில் வரும் தொழில் இது. எந்தக் கடைக்காரர் எதைக் கேட்டால் எதை அனுப்ப வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அதைவிட, உண்மையைச் சொன்னால், அவர் இல்லாத குடோனுக்குள் காலையில் போய் விளக்குப் போட எனக்கு மனசில்லை. என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

முதலாளியிடம் போனேன். அவர் நல்லவர், ஆனால் பேனாவை எடுத்தால் தாசில்தார் ஆகிவிடுவார். "இதனால் சகலருக்கும் எச்சரிக்கப்படுகிறது" என்று ஆரம்பித்தார். பில்லிங் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்புடிப் போட்டா பசங்க மொறச்சிக்குவாங்க சார். நல்ல வார்த்தையாவே சொல்லுவோம்" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து, டீ இரண்டு முறை ஆறிப்போய், கடைசியில் இப்படி வந்தது:

"அனைவருக்கும் வணக்கம். ஆர்டர்களை எந்நேரமும் குழுவில் போடலாம். பதில் மட்டும் காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை கிடைக்கும், ஞாயிறு விடுமுறை. மற்ற நேரத்தில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, பதில் வராததற்கு யாரும் வருத்தப்படவும் வேண்டாம். அன்றைக்கே முடிய வேண்டிய வேலை என்றால் செய்தியின் தொடக்கத்தில் சிவப்பு வட்டம் போடவும். காத்திருக்க முடியாத விஷயத்தைக் குழுவில் எழுதாமல், அந்த வாரப் பொறுப்பாளரைப் போனில் அழைக்கவும். காத்திருக்க முடியாதவை: மருந்துக்காக நோயாளி காத்திருப்பது, குளிர்பெட்டி நின்றுபோவது, தவறான மருந்து கடைக்குப் போய்விடுவது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

வாரப் பொறுப்பு எங்களுக்குள் முறை வைத்து வரும் என்று அதன் கீழே ஒரு பட்டியலும் போட்டோம். பொறுப்பாளர் தவிர மற்ற எல்லோரும் நிம்மதியாக ம்யூட் போட்டுவிடலாம். பில்லிங் அம்மா வேலையில் இருக்கச் சம்மதித்தார்.

முதல் வாரம் கூத்துதான். பண்ருட்டிப் பக்கம் போகும் சேல்ஸ்மேன் பிறந்தநாள் வாழ்த்துக்குச் சிவப்பு வட்டம் போட்டார். அன்றைக்கே முடிய வேண்டிய விஷயம்தானே என்று கேட்டார். சிதம்பரம் தம்பி என்னைச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "அண்ணா, அவசரம் ஒண்ணும் இல்ல. இது அவசரமான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்" என்றான். நான் திட்டிய திட்டில் செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலில் கிடந்த தெரு நாய் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அது சரிதான். ஒரு ஞாயிறு சிதம்பரத்தில் ஒரு பிள்ளையை நாய் குதறிவிட்டது. வெறிநாய்க்கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடுகிற ஊசி அங்கே இருப்பு இல்லை. தம்பி குழுவில் ஒரு எழுத்து எழுதவில்லை; நேராக, அந்த வாரப் பொறுப்பாளரான எனக்குப் போன் போட்டான். நான் குடோனைத் திறந்து, ஐஸ் வைத்த பெட்டியில் ஊசியை அடுக்கி, அதைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். திங்கட்கிழமை காலையில் அதற்குப் பில் போடும்போதுதான் மற்றவர்களுக்கு விஷயமே தெரிந்தது. அன்று எனக்கு அந்த அறிவிப்பின் மேல் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது.

பில்லிங் அம்மாவின் முகமும் தெளிந்தது. மகள் அரைப்பரீட்சையில் கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள் என்று எங்களுக்கெல்லாம் அதிரசம் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் இப்போது சண்டை போடுவதில்லையா என்று கேட்டேன். "சண்டைக்கு வேற காரணம் தேடிக்கிட்டு இருக்காரு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை. சரியாக ஒன்பது மணிக்குக் குழுவில் அவருடைய செய்தி வந்தது. சிவப்பு வட்டம் இல்லை.

"அனைவருக்கும் காலை வணக்கம். நேற்றுக் காலை என் கணவர் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். இன்று விடுப்பு வேண்டும். ரத்தம் கொடுக்க யாராவது தெரிந்தால் சொல்லவும், ஓ பாசிட்டிவ். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

நேற்றுக் காலை. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு ஞாயிறு முழுக்க, ஓர் இரவு முழுக்க அந்த அம்மாவும் அந்தப் பெண்ணும் தனியாக ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறார்கள். நான் செம்மண்டலத்தில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மல்லாந்து கிடந்தேன். அந்த வாரப் பொறுப்பாளரும் நானேதான். ஊருக்கெல்லாம் மருந்து அனுப்புகிறவர்கள் நாங்கள்.

போன் போட்டேன். எடுத்தவுடன் கத்தினேன். "ஏம்மா கூப்பிடல?"

"அவசர லிஸ்ட்ல இது இல்லியேண்ணா" என்றார். அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அது கடை விஷயத்துக்குப் போட்டது. அதுவும் எனக்காகப் போட்டது. நானே ஞாயித்துக்கெழம எல்லாரையும் தொந்தரவு பண்ணா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மத்தவங்கள சொல்றது?"

முதலாளி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பில்ல நான் போட்டுக்கறேன், தப்பும் தவறுமா. நீங்க கெளம்புங்க" என்றார்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த அறிவிப்பைத் திறந்தேன். காத்திருக்க முடியாதவை என்ற இடத்தில், மூன்றுக்கும் மேலே, ஒரு வரி சேர்த்தேன்: "நம்மில் ஒருவருக்கோ அவர் வீட்டிலோ ஏதாவது ஒன்று என்றால், எந்த நேரமானாலும், யாரை வேண்டுமானாலும்." மறுபடி குழுவில் போட்டேன். பண்ருட்டிக்காரர் ஒன்றுமே எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நானும் ஓ பாசிட்டிவ்தான், பஸ் ஏறிவிட்டேன் என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சிதம்பரம் தம்பி ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பில்லிங் அம்மா எதிரே நின்றுகொண்டிருந்தார். நேற்றுக் கட்டிய புடவை. மகள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து முழங்காலில் தலை வைத்திருந்தாள். ஆபரேஷன் மறுநாள் காலை என்றார்கள்.

என்னைப் பார்த்ததும் அம்மா பேச ஆரம்பித்தார், மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல. "மூணு மாசம் அவரு எழுந்திரிக்கக் கூடாதாம் அண்ணா. நான் இனிமே வர முடியாது. நீங்க வேற ஆளு போட்டுக்குங்க. உங்களயெல்லாம் அலைய வெக்கறது எனக்குப் புடிக்கல."

"மூணு மாசம்னா மூணு மாசம் கழிச்சி வாங்க. அதுவரைக்கும் சார் பில்லு போட்டு யாவாரத்த கெடுக்கட்டும்" என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். கேட்கிற மாதிரி இல்லை. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று ஒருத்தர் முடிவு பண்ணிவிட்டால் அவரிடம் வாதாடுவது கல்லில் நார் உரிப்பதுதான்.

தம்பிக்கு எப்போதும் சிரித்த முகம். அன்று அது கறுத்துப் போயிருந்தது.

"அக்கா, உங்க வூட்டுலேந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கேன். நேத்து மத்தியானம் வூட்டுல சும்மாதான் படுத்திருந்தேன். இருமல் மருந்துக்கெல்லாம் உங்கள நேரங்காலம் இல்லாம கூப்ட்டவன் நானு. நீங்க எனக்கு ஒரு போனு போடக் கூடாதா? காலையில ஒம்போது மணியானாத்தான் நான் உங்களுக்கு மனுஷனா?"

வராண்டாவில் போன ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க அழாமல் இருந்த பில்லிங் அம்மா, பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எங்கள் யாரிடமும் எதுவும் கேட்காதவர் அப்போது கேட்டார்.

"தம்பி, பாப்பா நேத்துலேந்து ஒண்ணும் சாப்புடல. உங்க வூட்டுக்கு இட்டுக்கிட்டுப் போயி ஒரு வாய் சோறு போடச் சொல்றீங்களா?"

அவன் பஞ்சை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான்.