'கூடிய சீக்கிரம்' என்று நான் எழுதிய வரி

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். தப்பு என்னுடையது என்பதுதான் காரணம்.

2005-ல் மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உப்பு அடைக்கும் சாக்குகளுக்கு, புதுச்சேரியில் தையல் கூடம் நடத்திய ஓர் அம்மாவுக்குப் பர்ச்சேஸ் ஆர்டரை ஈமெயிலில் அனுப்புவேன். அதில், "சரக்கு கிடைத்ததும் கூடிய சீக்கிரம் பணம் தரப்படும்" என்று எழுதுவேன். சாக்கு வந்து இறங்கியதும் பணம் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டார். அந்தச் சாக்கில் போன உப்பு விற்றுக் காசான பிறகுதான் பணம் என்பது எங்கள் கடை வழக்கம். அது தெரிந்தும் அப்படியே எழுதினேன்.

அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. உப்புக் குவியல்கள் விற்காமல் கீற்று மூடிக் கிடந்தன. அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"பாய், சாக்கு இறக்கி நாப்பது நாளாச்சு. உங்க சீக்கிரத்துக்கு நரையே விழுந்திடுச்சு. தைக்கிற பொம்பளைங்க ஆறு பேருக்கு நான் என்னா பதில் சொல்றது?"

கடனுக்குத் தவணை குறித்து எழுதச் சொல்கிறது எங்கள் மார்க்கம். ஐந்து வேளை தொழுகிற நான் அப்படி எழுதவில்லை.

முதலாளியிடம் கெஞ்சி அந்தப் பணத்தைக் கொடுக்க வைத்தேன். அடுத்த ஆர்டரில் இப்படி மாற்றினேன்: "ஒவ்வொரு லோடு சாக்கும் எங்கள் குடோனில் இறங்கி, எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள், அந்த லோடுக்கான முழுப் பணமும் செக்காகத் தரப்படும். உப்பு விற்பனைக்காக இது தள்ளிப்போகாது."

அனுப்பும் முன் முதலாளியிடம் காட்டினேன். "ஏம்பா, என் கையக் கட்டிட்டியே" என்றார்.

"அந்தம்மா கையத்தான் இத்தன நாளா கட்டி வச்சிருந்தோம்ங்க."

அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு, "அனுப்பு" என்றார்.

இதை யாருக்காவது சொன்னால், அவரைக் குறைத்தும் என்னை உயர்த்தியும் சொல்லிவிடாதீர்கள். முதல் வரியையும் எழுதியது நான்தான். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.