டவுன்லோட்ஸ் எதிரே ஒரு டிக்

செம்பாக்கத்தில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பிசிஏ வேறு. கடைக்கார அண்ணா வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்வார். நானும் தடுத்ததில்லை.

இரண்டு வாரமாகக் கடை கம்ப்யூட்டரில் சி டிரைவின் பட்டை சிவப்பாகவே இருந்தது. இடம் குறைவு என்ற எச்சரிக்கை வரும், மூடிவிடுவோம். டி டிரைவ் காலியாகக் கிடந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலை டவுன்லோட்ஸிலேயே திறந்து, அங்கேயே திருத்தி, அங்கேயே சேமிப்பதுதான் எங்கள் கடை வழக்கம். ஒரு டீச்சரின் பிஎச்டி ஆய்வேடும் அப்படித்தான் இருந்தது. மூன்று வாரத் திருத்தங்கள். மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குப் பிரிண்ட் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை ஏதோ ஒரு விண்ணப்பத்தைச் சேமிக்கப் போனால், டிஸ்க் நிறைந்துவிட்டது என்றது. அண்ணா வண்டலூர் போயிருந்தார். "எதையாச்சும் அழிக்கிறதுன்னா எனக்கு ஒரு போன் பண்ணும்மா" என்று சொல்லித்தான் போனார். நான் பண்ணவில்லை. இதற்குக்கூடக் கேட்பதா?

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். தற்காலிக ஃபைல்கள், பழைய அப்டேட்டின் மிச்சம், ரீசைக்கிள் பின் என்று வரிசையாக இருந்தது. ரீசைக்கிள் பின்னில் தேவையானது எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். எல்லாம் சேர்த்தும் இரண்டு ஜிபிதான். அதே பட்டியலில் டவுன்லோட்ஸும் இருந்தது, டிக் இல்லாமல், முப்பத்தெட்டு ஜிபி. அழிக்கக்கூடாததை இந்தப் பட்டியலில் ஏன் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். டிக் போட்டு, ரிமூவ் பட்டனை அழுத்தினேன்.

பட்டை நீலமானது. சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இடமில்லாமல் நின்றிருந்த விண்டோஸ் அப்டேட் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். ஆய்வேட்டைப் பிரிண்ட் போட வேர்டைத் திறந்தபோதுதான் ஃபைல் இல்லை என்றது. ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். இந்த வழியில் அழித்தது அங்கே போகாது. வாட்ஸ்அப்பில் இருந்தது திருத்தாத பழைய பிரதி. அப்டேட் எண்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அழிந்த ஃபைல்கள் இருந்த இடத்தின் மேலேயே அது எழுதிக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பிளக்கைப் பிடுங்கினேன்.

சிபியூவை ஆட்டோவில் ஏற்றித் தாம்பரத்தில் ஹார்ட் டிஸ்க் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டி வெகுநேரம் தேடினார்.

"அழிச்சதும் ஆஃப் பண்ணியா?"

"இல்லண்ணா. அப்டேட் ஓடிச்சு."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். டீச்சரின் ஃபைல் பெயர் இருந்தது. "பேரு மட்டும்தான் கீது. உள்ள அப்டேட்டு ஏறி உக்காந்துகினு கீது. வேற எங்கனா காப்பி வெச்சிருக்கியா?"

பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. டீச்சர் கடை வாசலில் நிற்கிறாராம், பூட்டியிருக்கிறதாம், பிரிண்ட் ரெடியா என்று கேட்டார்.

"டீச்சர், உங்க ஃபைல நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன்.